முக்காலே மூணு வீசம் எப்போது முழுசாகும்?

"ஐயா, நான் பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளிக் கணித நாளில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் முடிவான ஒரு விடை எப்படி வரும் என்பதுதான் தலைப்பு. சூத்திரத்தில் போட்டால் 1/2 + 1/4 + 1/8 + ... என்பதற்கு 1 வருகிறது. ஆனால் அது ஒன்றை நெருங்குமே தவிர ஒருநாளும் ஒன்று ஆகாது என்கிறான் என் நண்பன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எப்படிப் பேசினால் எல்லாருக்கும் புரியும்?"

தம்பி, உன் நண்பன் கேட்டதை முதலில் தீர்த்துக்கொள்வோம். நீ பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து யாராவது அதையேதான் கேட்பார்கள். அதற்கு உன்னிடம் பதில் இல்லை என்றால் அதுவரை பேசியது எல்லாம் கரைந்துபோகும்.

அவன் சொல்வதில் ஒரு பகுதி சரிதான். ஒவ்வொரு படியிலும் நின்று கூட்டிப் பார்த்தால் 1/2, 3/4, 7/8, 15/16, 31/32 என்று போகும், இந்த வரிசையில் எங்கேயும் 1 வராது, கோடி படி போனாலும் வராது. ஆனால் இவை எல்லாம் பாதியில் நிறுத்தியபோது கையில் இருக்கும் கணக்கு. நாம் கேட்பது வேறு: ஒரு துண்டுகூட விடாமல் எல்லாவற்றையும் சேர்த்தால் எவ்வளவு? முடிவில்லாத கூட்டலை உட்கார்ந்து கூட்டி முடித்தவர் யாரும் கிடையாது, அதனால் "மொத்தம்" என்று எதைச் சொல்கிறோம் என்பதையே முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, மொத்தம் என்று ஒரு எண் இருந்தால் அது எதுவாக இருக்க முடியும் என்று பார்ப்போம். 1-ஐ விடப் பெரியதாக இருக்குமா? இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் மீதியில் பாதியைத்தான் எடுக்கிறோம், முழுசைத் தாண்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. 1-ஐ விடச் சின்னதாக இருக்குமா? உன் நண்பனையே ஒரு எண் சொல்லச் சொல். 0.9999 என்கிறான் என்று வைத்துக்கொள். பதின்மூன்றாவது படி வரை கூட்டினால் ஏறத்தாழ 0.99988 வரும், அது அவன் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே. பதினான்காவது படியில் மீதி 16384-இல் ஒன்று, கூட்டல் ஏறத்தாழ 0.99994. அவன் சொன்ன எண்ணைத் தாண்டியாச்சு. இனி வருவதும் கூட்டல்தானே, கழித்தல் எங்கேயும் இல்லை, அதனால் தாண்டியது திரும்பக் கீழே இறங்காது. ஆக 0.9999 மொத்தமாக இருக்க முடியாது. அவன் இன்னும் பத்து ஒன்பதைச் சேர்த்துச் சொல்லட்டும், சில படி கூடுதலாகப் போனால் அதையும் தாண்டிவிடலாம். 1-க்கு மேலே உள்ள எண் ஆகாது, கீழே உள்ள எதைச் சொன்னாலும் நிற்காது. மிச்சம் இருப்பது 1 மட்டும்தான். அதைத்தான் மொத்தம் என்கிறோம்.

இதை அவனிடம் சொல்லும்போது "நெருங்கும்" என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்து. நெருங்குவது பாதியில் நிறுத்திய கூட்டல்கள். மொத்தம் எதையும் நெருங்கவில்லை, அது ஒரு எண், அந்த எண் 1. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது, கல்லூரிக்கு வந்த பிறகும் இதில் தடுமாறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மேடையில் என்ன காட்டுவது? பாதி பாதியாக வெட்டுவதை எல்லாரும் காட்டுவார்கள். அது நல்ல உதாரணம்தான், ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது: முழுசை வெட்டினோம், திரும்பச் சேர்த்தால் முழுசு வந்தது, இதில் என்ன அதிசயம் என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும். அதனால் நான் வேறொன்றைச் சொல்கிறேன். மூன்று பேர், ஒரு அல்வாத் துண்டு. ஆனால் எதையும் நான்கு சமபாகமாக மட்டுமே வெட்டலாம் என்று ஒரு விதி. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பாகம் எடுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த மிச்சத்தை மறுபடி நான்காக வெட்டி ஆளுக்கு ஒன்று, மறுபடி ஒன்று மிஞ்சும். இப்படியே போனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 1/4 + 1/16 + 1/64 + ... மூன்று பேருக்கும் ஒரே அளவு, மிச்சமோ தேய்ந்துகொண்டே போகிறது, அப்படியானால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. நான்கால் மட்டுமே வெட்டி மூன்றில் ஒன்றைப் பிடித்துவிட்டோம் பார், இங்கேதான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடிஸ் பரவளையத் துண்டின் பரப்பைக் கண்டுபிடித்தபோது அவர் கையாண்டதும் இதே நான்கின் கூட்டல்தான்.

அல்வாவை மேடைக்குக் கொண்டு போகாதே. நான் ஒரு வருஷம் வகுப்பில் அரைக்கிலோ வாங்கி வந்து செய்து பார்த்தேன். முதல் வெட்டு அழகாக வந்தது. இரண்டாவதில் நெய் கத்தியில் வழிய ஆரம்பித்தது, மூன்றாவதில் துண்டு கத்தியோடு ஒட்டிக்கொண்டு எழும்பி வந்தது, எது மிச்சம் எது பங்கு என்று எனக்கே தெரியவில்லை. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. ஒரு சார்ட் பேப்பர் போதும். அதில் 48 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வெட்டிக்கொள். 48 என்று சொல்வதற்குக் காரணம், அது 24, 12, 6, 3 என்று முழு எண்ணாகவே பாதியாகிக்கொண்டு வரும், ஸ்கேலில் மில்லிமீட்டர் பார்த்துத் திண்டாட வேண்டாம். முதல் சுற்றில் ஆளுக்கு 24 செ.மீ. சதுரம் ஒன்று, பிறகு 12, பிறகு 6, பிறகு 3. நான்கு சுற்று முடிந்ததும் உன் கையில் மிஞ்சுவது 3 செ.மீ. சதுரம் ஒன்று, ஏறக்குறைய ஒரு பெரிய தபால்தலை அளவு.

கணக்கை முன்கூட்டியே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள். முழுத் தாள் 48 × 48 = 2304 சதுர செ.மீ., அதில் மூன்றில் ஒன்று 768. ஒருவரிடம் சேர்ந்தது 576 + 144 + 36 + 9 = 765. குறை 3. உன் கையில் இருப்பது 9, அது மூன்று பேருக்கும் சேர வேண்டியது, ஆளுக்கு 3. குறையும் மிச்சமும் அப்படியே பொருந்துகிறது. ஐந்தாவது சுற்று போனால் ஆளுக்குக் குறை ஒரு சதுர செ.மீ.கூட இருக்காது, முக்கால்தான். இந்த 765-ஐயும் 768-ஐயும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடு, அது பேசுவதை விட நன்றாகப் புரியவைக்கும்.

இன்னொன்று. நம் பழைய கணக்கில் இந்தத் துண்டுகளுக்கெல்லாம் பெயரே இருக்கிறது: அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. உன் தாத்தா ஆச்சியிடம் கேள், அணாக் கணக்கில் சொல்வார்கள்: ரூபாய்க்குப் பதினாறு அணா, அரை ரூபாய் எட்டணா, கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரெண்டணா, வீசம் ஓரணா. பேச்சை இங்கிருந்து தொடங்கினால் கணக்கென்றாலே முகம் சுளிக்கிறவர்களும் கேட்பார்கள். கீழே எழுதியிருப்பது நிதானமாகப் பேசினால், தாள் வெட்டுவதோடு சேர்த்து, ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். மனப்பாடம் செய்யாமல் இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு உன் வாய்க்கு வருகிறபடி சொல்.

"எல்லாருக்கும் வணக்கம். நம் வீட்டில் பெரியவர்கள் ஒரு சொல் சொல்வார்கள், 'முக்காலே மூணு வீசம்'. வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றால், முக்காலே மூணு வீசம் முடிஞ்சிட்டு என்பார்கள். இது உண்மையில் ஒரு எண். வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்கால் என்றால் பதினாறில் பன்னிரண்டு, அதோடு மூன்று வீசம், மொத்தம் பதினாறில் பதினைந்து.

இதே எண்ணை வேறு வழியிலும் அடையலாம். அரையோடு கால், அதோடு அரைக்கால், அதோடு வீசம். அணாவில் சொன்னால் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. கூட்டினால் பதினைந்து அணா. ரூபாய்க்கு ஓரணாக் குறை. சரி, இன்னும் அரை வீசம் சேர்ப்போம். இப்போது அரையணாக் குறை. கால் வீசம் சேர்த்தால் காலணாக் குறை. ஒவ்வொரு முறையும் குறையில் பாதி தீர்கிறது, பாதி நிற்கிறது. இப்படியே நிறுத்தாமல் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?

ஒரு ரூபாய்க்கு மேல் போகாது, ஏனென்றால் குறையில் பாதியைத்தான் ஒவ்வொரு முறையும் போடுகிறோம். ஒரு ரூபாய்க்குக் கீழே நின்றுவிடுமா? எங்கே நிற்கும் என்று நீங்கள் ஒரு இடம் சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக் குறையில் நிற்கும் என்றால், பத்தே படியில் அதைத் தாண்டிவிடுவேன். லட்சத்தில் ஒரு பங்கு என்றால் பதினேழு படி. கோடியில் ஒரு பங்கு என்றால் இருபத்துநான்கு படி. நீங்கள் எந்த இடத்தைச் சொன்னாலும் அது நிற்கும் இடம் இல்லை. ஒரு ரூபாய் மட்டும்தான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தம் சரியாக ஒன்று.

இப்போது இந்தத் தாளைப் பாருங்கள். மூன்று பேர் வாருங்கள். இதை உங்களுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும், ஆனால் நான் நான்காக மட்டுமே வெட்டுவேன். (வெட்டு) ஆளுக்கு ஒரு கால். ஒன்று மிச்சம். அதை நான்காக வெட்டுகிறேன். ஆளுக்கு ஒரு வீசம். மறுபடி ஒன்று மிச்சம். ஆளுக்குக் கால் வீசம். இன்னும் ஒருமுறை. இதோ, என் கையில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். தாளில் இருநூற்று ஐம்பத்தாறில் ஒரு பங்கு.

ஒவ்வொருவரிடமும் 765 சதுர சென்டிமீட்டர் சேர்ந்திருக்கிறது. மூன்றில் ஒன்று என்பது 768. குறை மூன்று. என் கையில் ஒன்பது. நான் வெட்டிக்கொண்டே போனால் அந்த ஒன்பதும் இவர்கள் மூன்று பேரிடமும்தான் போய்ச் சேரும், வேறு யாரும் வாங்கவில்லை. அதனால் காலும் வீசமும் கால் வீசமும் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமும் சேர்ந்தால் சரியாக மூன்றில் ஒன்று.

துண்டுகள் முடிவில்லாமல் இருக்கலாம், ஆனால் அவை எல்லாம் இந்த ஒரே தாளுக்குள்ளிருந்து வந்தவை. தாள் பெரியதாகவில்லை, துண்டுகளின் எண்ணிக்கைதான் கூடியது. நன்றி."

பேச்சு இவ்வளவுதான். இதற்குமேல் எதையும் திணிக்காதே. ஆனால் கேள்வி நேரம் இருந்தால் மூன்று விஷயங்கள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் முதலாவதுதான் முக்கியம்.

யாராவது எழுந்து, "துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போனால் மொத்தம் எப்போதும் அடங்கிவிடும், அப்படித்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடாதே, அது தவறு. 1/2 + 1/3 + 1/4 + 1/5 + ... என்று எடுத்துக்கொள். இதிலும் துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போகின்றன, எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் ஆகின்றன, ஆனால் மொத்தம் எந்த எல்லைக்குள்ளும் அடங்காது. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை நிரூபித்தார், அந்த வழி உனக்கே புரியும். முதலில் ஒரு அரை இருக்கிறது. அடுத்த இரண்டை, 1/3, 1/4 இரண்டையும் சேர். இரண்டுமே காலுக்குக் குறையாது, அதில் ஒன்று காலை விடப் பெரியது, ஆகவே கூடுதல் அரையைத் தாண்டும். அடுத்த நான்கு, 1/5 முதல் 1/8 வரை. ஒவ்வொன்றும் அரைக்காலுக்குக் குறையாது, நான்கு அரைக்கால் அரை, ஆகவே அதுவும் அரையைத் தாண்டும். அடுத்த எட்டும் அப்படியே, ஒவ்வொன்றும் வீசத்துக்குக் குறையாது. பிறகு பதினாறு, முப்பத்திரண்டு. ஒவ்வொரு கூட்டமும் ஒரு அரையாவது தரும், அந்தக் கூட்டங்களுக்கு முடிவே இல்லை. அரை அரையாக முடிவில்லாமல் சேர்த்தால் எந்த எண்ணையும் தாண்டலாம்.

இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவாய். முன்னால் ஒரு 1 சேர்த்துத் தொடங்கினாலும் மொத்தம் பத்தைத் தாண்ட 12367 உறுப்புகள் வேண்டும், பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டிய பிறகும் பதினான்கரைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். பார்க்கிறவர் நின்றுவிட்டது என்றே நினைப்பார். கண்ணுக்கு நின்றதுபோலத் தெரிவதை நம்ப முடியாது, காரணம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் தாளில் மிச்சம் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றாகிறது, எவ்வளவு மிஞ்சும் என்று எந்தப் படியிலும் சொல்ல முடிகிறது. இந்த இரண்டாவது கூட்டலில் அப்படி ஒரு மிச்சமே கிடையாது, வெட்டுவதற்கு ஒரு தாளே இல்லை.

இரண்டாவது, சூத்திரம். உன் பாடப் புத்தகத்தில் பெருக்குத் தொடருக்கு a/(1 − r) என்று படித்திருப்பாய், பொது விகிதம் −1-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கும். பிள்ளைகள் அந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். 1 + 2 + 4 + 8 + ... என்பதில் a = 1, r = 2 என்று போட்டால் −1 வரும். நேர் எண்களாகவே கூட்டி மைனஸ் ஒன்றா? சூத்திரத்தில் பிழை இல்லை, மொத்தமே இல்லாத இடத்தில் மொத்தம் இருக்கிறது என்று முதலிலேயே வைத்துக்கொண்டதுதான் பிழை. நம் தாளில் a = 1/4, r = 1/4, போட்டால் 1/3 வரும், இங்கே நிபந்தனை சரியாக இருப்பதால் விடையும் சரி.

மூன்றாவது, கணித நாளான டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள் என்பதால் யாராவது 1 + 2 + 3 + ... = −1/12 என்பதைக் கொண்டுவருவார்கள். ராமானுஜன் 1913இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டது உண்மை. ஆனால் அவரே தன் கோட்பாட்டின்படி என்று சொல்லித்தான் எழுதினார். அங்கே "கூடுதல்" என்பதற்கு வேறு பொருள், நாம் மேலே பேசிய மொத்தம் அது இல்லை. நம் பொருளில் அந்தக் கூட்டலுக்கு மொத்தமே கிடையாது, 1, 3, 6, 10 என்று எல்லை இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். "அது வேறு வகைக் கூடுதல், நான் பேசியது சாதாரணக் கூடுதல்" என்று ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்துவிடு. ஐந்து நிமிடத்தில் அதைத் தொட்டால் நீ கட்டியது முழுக்கக் கலைந்துவிடும்.

தாளை மேடையில் வெட்டும்போது கத்தரிக்கோல் வேண்டாம், நேரம் போகும். முதல் நாள் ராத்திரியே நான்கு சுற்றுக்கும் மடித்து, மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்தி வைத்துவிடு, ஸ்கேலை வைத்து இழுத்தால் நேராகக் கிழியும். பங்கு வாங்க வரும் மூன்று பேரிடமும் துண்டுகளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல். கடைசி 3 செ.மீ. சதுரத்தை மட்டும் வேறு நிறமாக்கிக்கொள், பின்பக்கம் சிவப்பு மையால் பூசினால் போதும், அப்போதுதான் கடைசி வரிசைக்கும் அது தெரியும்.